பையன் யோசிக்கட்டும், போர்டு ஆட வேண்டாம்: கையால் வரையும் அனிமேஷனில் கோட்டுக் கொதிப்பு

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் கிளப் உண்டு. தகரக் கூரை, நடுவில் ஒரு போர்டு, அதன் மேல் தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு, அவ்வளவுதான். அங்கே ஒரு பையன் கடைசிக் காயினைக் குறி பார்த்து அடிப்பதை ஆறு விநாடிக் காட்சியாக வரைந்தேன். பேப்பரில், பென்சிலில், ஒவ்வொரு படமாக. முடித்ததும் போனில் ஏற்றிக்கொண்டு போய், கிளப்பில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "இன்னா தம்பி, போர்டே இந்த ஆட்டம் ஆடுது, அவன் எங்க குறி பாக்குறது?" என்றார்.

பையன் ஆடியதை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனின் சட்டை, தோள், தலைமுடி எல்லாவற்றிலும் அதே ஆட்டம் இருந்தது. அது அவர் கண்ணை உறுத்தவில்லை. போர்டு ஆடியதுதான் உறுத்தியது. எந்த ஆட்டத்தை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அந்த ஆறு விநாடியை எப்படிச் சரி செய்தேன் என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். புதிதாக வரைய வந்தவர்கள் தங்கள் காட்சியை வைத்துக்கொண்டு கூடவே செய்து பார்க்கலாம்.

கொதிப்பு என்றால் என்ன

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். ஆக விநாடிக்கு 12 படம். உருவம் அசையாமல் நின்றாலும், அதே நிலையை மறுபடி மறுபடி ட்ரேஸ் எடுத்து வரைந்தால் இரண்டு படம் ஒன்றுபோல் வராது. கோடு ஒரு மயிரிழை இங்கே, ஒரு மயிரிழை அங்கே விழும். ஓட விட்டுப் பார்த்தால் கோடு முழுக்கத் துள்ளும். உலை கொதிக்கும்போது தண்ணீர் எங்கும் போவதில்லை, இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும் அல்லவா, அதைப் போல. இதைத்தான் தொழிலில் லைன் பாயில் என்கிறார்கள். நான் கொதிப்பு என்றே சொல்கிறேன்.

இது கைவேலையோடு பிறந்தது. அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் வின்சர் மெக்கே 1914-இல் வெளியிட்ட டைனோசர் படமான 'கெர்ட்டி'யைப் பார்த்தால் மலையும் தரையும்கூடத் துள்ளுவது தெரியும். காரணம் எளிது. மெல்லிய அரிசித்தாளில் ஒவ்வொரு படத்திலும் டைனோசரோடு பின்னணியையும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அந்தப் பின்னணியை ட்ரேஸ் எடுப்பதற்கென்றே ஜான் ஃபிட்ஸிம்மன்ஸ் என்ற உதவியாளர் இருந்தார். அதே ஆண்டு கடைசியில் எர்ல் ஹர்ட் என்ற அனிமேட்டர், கண்ணாடி போன்ற தாளில் உருவத்தை வரைந்து அசையாத பின்னணியின் மேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இதுபோன்ற முறைகள் வந்த பிறகுதான் அசையாத பொருளை ஒரே ஒரு முறை வரைந்தால் போதும் என்ற நிலை வந்தது. இன்று நாம் லேயர் என்று சொல்வது அதன் வாரிசுதான். கொதிப்பை அடக்கும் வேலையில் பாதி இந்த லேயர் பிரிப்பிலேயே முடிந்துவிடும்.

முதலில்: ஆடுவது எது என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லா ஆட்டத்தையும் கொதிப்பு என்கிறார்கள். மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒரே மாதிரித் தெரியும். மருந்து மூன்றுக்கும் வேறு.

ஒன்று, தாளே ஆடுவது. படம் முழுக்க, கோடும் வெற்றிடமும் சேர்ந்து, ஒரே பக்கம் குதிக்கும். இது வரைந்த கையின் தப்பு இல்லை. தாளின் துளைகளைப் பிடித்து நிறுத்தும் முளைப்பட்டையான பெக் பாரில் தாள் சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்கேன் செய்யும்போது நகர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க, வரைய ஆரம்பிக்கும் முன்பே, மற்ற படங்களுக்கு மூலமாக வைக்கும் கீ படத்தின் நான்கு மூலையிலும் சின்னச் சிலுவைக் குறி போட்டுவிடுங்கள். மற்ற தாள்களிலும் அந்தக் குறிகளை அடிக்கோலை வைத்து ட்ரேஸ் எடுங்கள். ஸ்கேன் செய்த படங்களை ஓட்டும்போது சிலுவையும் சேர்ந்து குதித்தால், ஒவ்வொரு படத்தையும் சிலுவைக்குச் சிலுவை பொருத்தி நகர்த்தினால் சரியாகிவிடும். விலை கொடுத்து வாங்கும் பெக் பாரில் நடுவே ஒரு வட்ட முளையும் இரு பக்கமும் இரண்டு பட்டை முளைகளும் இருக்கும். அது இல்லையென்றால் ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் இரண்டு துளை போட்டு, அதே 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை ஒரு ஸ்கேலில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் தாள்களை ஒவ்வொன்றாகத் துளை போடுங்கள். பத்துப் பதினைந்தை அடுக்கி ஒரே அழுத்தில் போட்டால் அடித் தாள்களில் துளை விலகும். எங்கள் பக்கம் கடற்காற்றில் ஈரம் அதிகம். தாள் ஈரத்தை இழுத்தால் அளவு மாறும். வரைந்த தாளையும் வரையப்போகும் தாளையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் சேர்த்து வையுங்கள்.

இரண்டு, உருவம் ஊர்ந்துபோவது. இது மெதுவான நோய். மூக்கு பத்தாவது படத்தில் சற்றுக் கீழே இருக்கும், இருபதாவது படத்தில் இன்னும் கீழே. முகமும் கொஞ்சம் பெருத்திருக்கும். காரணம், ஒன்றை வைத்து இரண்டு, இரண்டை வைத்து மூன்று என்று முந்தைய படத்தைப் பார்த்துப் பார்த்து ட்ரேஸ் எடுத்ததுதான். ஒவ்வொரு முறையும் வந்த சின்னத் தப்பு அடுத்ததில் கூடிக்கொண்டே போகிறது. ஆட்டம் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் உடனே தெரிந்துவிடும். அசையாத உருவத்தை எத்தனை முறை வரைந்தாலும் எல்லாம் கீ படத்திலிருந்தே எடுக்க வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது.

மூன்றாவதுதான் உண்மையான கொதிப்பு. தாள் நிற்கிறது, உருவம் அதே இடத்தில் இருக்கிறது, கோடு மட்டும் தன் இடத்தைச் சுற்றித் துள்ளுகிறது.

கிரிட்டா போன்ற வரையும் மென்பொருளில் இதை அளந்தே பார்க்கலாம். இரண்டு படத்தையும் இரண்டு லேயரில் வைத்து, மேல் லேயரின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகிவிடும், விலகிய இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். என் பழக்கத்தில் வைத்திருக்கும் அளவு இது: விலகல் கோட்டின் பருமனில் பாதிக்குள் இருந்தால் கண்ணுக்கு மூச்சு விடுவது போல இருக்கும். கோட்டின் முழுப் பருமனைத் தாண்டினால் பழைய கோடும் புதுக் கோடும் ஒன்றையொன்று தொடாது. அப்போது அது நடுக்கமாகத் தெரியும். அதனால்தான் மெல்லிய கோட்டில் கொதிப்பு கொடுமையாகவும், பட்டையான கோட்டில் இதமாகவும் இருக்கிறது. கை நடுங்கினது இரண்டிலும் ஒரே அளவுதான்.

காட்சியைப் பிரித்து எழுதுங்கள்

ஆறு விநாடி என்றால் 144 ஃப்ரேம். வரையும் முன் ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டேன். 1 முதல் 48 வரை பையன் குனிந்து காயினைப் பார்க்கிறான், அசைவில்லை. 49 முதல் 60 வரை விரலை மடக்கிப் பின்னால் இழுக்கிறான். 61 முதல் 64 வரை அடி. 65 முதல் 84 வரை காயின் ஓடி பாக்கெட்டில் விழுகிறது, பையன் அப்படியே இருக்கிறான். 85 முதல் 108 வரை மெதுவாக முகத்தை நிமிர்த்துகிறான். 109 முதல் 144 வரை நிமிர்ந்த முகம், லேசான சிரிப்பு, அசைவில்லை.

கொதிப்பின் பிரச்சினை முழுவதும் அசையாத அந்த மூன்று துண்டுகளில்தான் இருக்கிறது. ஓடும்போது கோடு துள்ளினால் யாருக்கும் தெரியாது, கண் அசைவைப் பின்தொடர்ந்து போய்விடும். நின்றதும்தான் கோட்டைப் பார்க்கும்.

முதல் முறை நான் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்தேன். முதல் இரண்டு விநாடிக்கு மட்டும் 24 தாள். பையன், போர்டு, ஸ்டாண்டு, பல்பு ஒயர் எல்லாம் ஒவ்வொன்றிலும். பெரியவர் பார்த்தது அதைத்தான். அவர் சொன்னதைக் கேட்டு வந்து அடுத்த கோடிக்குப் போனேன். அசையாத துண்டுகளுக்கு ஒரே படத்தை 48 ஃப்ரேமும் நிறுத்தினேன். போர்டு அடங்கிவிட்டது, ஆனால் பையன் செத்துப்போனான். இரண்டு விநாடி போட்டோ மாதிரி உறைந்திருந்து, 49-ஆவது ஃப்ரேமில் திடீரென்று வேறு ஒரு ஆள் உள்ளே புகுந்தது போல உயிர் வந்தது. அசைகிற படங்களில் கைக் கொதிப்பு இயல்பாகவே இருக்கிறது, நிற்கிற படத்தில் துளியும் இல்லை. அந்த வெட்டுதான் கண்ணில் அடித்தது.

ஆகவே முடிவெடுக்கும்போது கொதிப்பு அழகா அசிங்கமா என்று கேட்காதீர்கள். இதற்கு முன்னும் பின்னும் இருக்கும் படங்களில் எவ்வளவு கொதிப்பு இருக்கிறது, இந்தப் பொருள் உயிருள்ளதா, இந்த இரண்டையும் கேளுங்கள். பையன் அசையும்போது துள்ளும் கோடு, அவன் நிற்கும்போதும் துள்ள வேண்டும். போர்டு எப்போதும் அசையாது, அதனால் எப்போதும் துள்ளக் கூடாது. அதுவும் போர்டு நேர்கோடுகளால் ஆனது. வளைவான தோளில் மயிரிழை விலகல் தெரியாது. அடிக்கோல் வைத்தது போன்ற நேர்கோட்டில் அதே விலகல் பூகம்பம் மாதிரித் தெரியும்.

அதனால் மூன்று லேயர். அடியில் சுவர், பல்பு, போர்டு: ஒரே ஒரு படம், 144 ஃப்ரேமும் நிற்கும். நடுவில் காயின்களும் ஸ்ட்ரைக்கரும். மேலே பையன். காயின் வட்டமான மரத்துண்டு, அதுவும் கொதிக்கக் கூடாது. கொதித்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு காயினை டெம்ப்ளேட் வைத்து ஒரு முறை வரைந்து, ஓடும்போது அதையே நகர்த்தினேன்.

நான்கு படம் ட்ரேஸ் எடுப்பது

நிற்கும் பையனுக்கு 24 படம் தேவையில்லை. நான்கு போதும். இரண்டு படம் மட்டும் என்றால் இப்படி, அப்படி, இப்படி, அப்படி என்று தையல் மெஷின் போல அடிக்கும். மூன்றில் ஒப்பேற்றலாம். நான்கில் கண் சுழற்சியைக் கண்டுபிடிப்பதை விட்டுவிடுகிறது.

கீ படம்தான் A. அதை, அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் வைத்து B, C, D மூன்றையும் A-யிலிருந்தே எடுங்கள். எடுக்கும்போது வேண்டுமென்று கையை நடுக்காதீர்கள். இது புதியவர்கள் எல்லோரும் செய்வது. வேண்டுமென்று நடுக்கிய கோட்டில் சின்னச் சின்ன அலை இருக்கும், ஓட விட்டால் புழு நெளிவது போல ஆகும். முடிந்தவரை ஒழுங்காக, ஒரே இழுப்பில், A-யின் கோட்டின் மேலேயே போக முயலுங்கள். நீங்கள் எவ்வளவு முயன்றாலும் விலகும். அந்த விலகல்தான் வேண்டும்.

கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நான்கு படத்திலும் மாற்றாதீர்கள். தாடைக் கோடு காதடியில் தொடங்கி முகவாயில் முடிகிறது என்றால் நான்கிலும் அப்படியே. ஒன்றில் முகவாயைத் தாண்டிப் போய், இன்னொன்றில் அதற்கு முன்பே நின்றுவிட்டால், கோட்டின் முனை மட்டும் பளிச் பளிச்சென்று மின்னும். மொத்தக் கோடு துள்ளுவதைக் காட்டிலும் இந்த முனை மின்னுவதுதான் அதிகம் உறுத்தும். அதோடு பென்சில் அழுத்தம். ஒரு படத்தில் கரும் கோடு, அடுத்ததில் மங்கிய கோடு என்றால் டியூப்லைட் கெடும்போது மினுக்குவது போல ஆகிவிடும். நான்கையும் ஒரே உட்காரலில், ஒரே பென்சிலில், ஒரே கூர்மையில் முடித்துவிடுங்கள்.

இனி, கொதிக்கும் உருவத்துக்குள்ளேயே கொதிக்கக் கூடாத இடங்கள் இருக்கின்றன. முதலாவது கண்மணி. கண்மணி மயிரிழை நகர்ந்தால் பார்ப்பவருக்கு அது கோட்டுத் துள்ளலாகத் தெரியாது. பையன் பார்வையை மாற்றுகிறான் என்றே படும். குறி பார்க்கும் பையனுக்கு அது கூடவே கூடாது. A-யின் கண்மணியையும் மேல் இமையையும் ஸ்கேன் செய்த பிறகு வெட்டி, B, C, D மூன்றிலும் அப்படியே ஒட்டினேன். தாளில் வரையும்போது கண் இடத்தை வெற்றாக விட்டுவிட்டேன். புருவமும் கீழ் இமையும் மற்றவற்றோடு கொதிக்கட்டும், அதனால் கண் ஒட்டியது போலத் தெரியாது.

இரண்டாவது, தொடும் இடம். பையனின் நடுவிரல் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்கிறது. ஸ்ட்ரைக்கர் அசையாத லேயரில், விரல் கொதிக்கும் லேயரில். முதல் சோதனையில் விரலுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பிளவு திறந்து திறந்து மூடியது. ஸ்ட்ரைக்கரை விரல் தட்டிக்கொண்டே இருப்பது போல. அதனால் விரலின் கடைசிக் கணு வரைக்கும் நான்கு படத்திலும் ஒரே கோடு. அதற்கு மேல், புறங்கையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிப்பு கூடுகிறது. போர்டின் விளிம்பில் ஊன்றிய இடது உள்ளங்கைக்கும் அதே வைத்தியம். தோளிலும் சட்டையிலும் முழுக் கொதிப்பு. இப்படிச் செய்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கை ஊன்றிய இடத்தில் அடங்கி, மேலே போகப் போகத் துள்ளல் கூடியதால், பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பது போல ஒரு உணர்வு வந்தது. அன்றிலிருந்து எந்த உருவத்தை வரைந்தாலும், அது பூமியைத் தொடும் இடத்தை அடக்கிவிட்டுத்தான் மேலே போகிறேன்.

கோட்டு நிழல் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்து இருபது கோடு நெருக்கமாகப் போட்ட நிழல் நான்கு படத்திலும் புதிதாக வந்தால் எறும்புப் புற்று கலைந்தது போல ஆகும். நிழலைத் தனி லேயரில் ஒரே படமாக வைத்து, மேலே வெளிக்கோட்டை மட்டும் கொதிக்க விடுங்கள். இரண்டும் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தால் பரவாயில்லை, நன்றாகவே இருக்கும்.

எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில்

ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 மாற்றம். அது பதற்றம். மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 8 மாற்றம், இயல்பான உயிர்ப்பு. நான்கு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 6, ஓய்ந்த துடிப்பு. அதற்கு மேல் மெதுவாகப் போனால் துடிப்பாகத் தெரியாது, படம் மாறுவது தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் துண்டில் 48 ஃப்ரேம். மூன்று மூன்றாக 16 இடம். A B C D, A B C D என்று வரிசையாகச் சுற்றினால் அரை விநாடிக்கு ஒரு முறை அதே சுற்று வரும், கண் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். A B C D C B என்று போய்த் திரும்பி வந்தாலும் ஊஞ்சல் ஆகிவிடும். எனவே கலைத்து வைக்க வேண்டும். நான் வைத்த வரிசை:

```
A C B D  A B D C  B A D B  C D A C
```

விதி இதுதான்: ஒரு படம் வந்தால், நடுவே குறைந்தது வேறு இரண்டு படம் போகாமல் அது திரும்பி வரக் கூடாது. ஒவ்வொன்றும் நான்கு முறை வருகிறது. எந்தப் படமும் மற்றதைவிட அதிகமாக நிற்பதில்லை.

இதை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஸ்கேன் படங்களை இந்த வரிசையில் பிரதி எடுத்து `k_01.png` முதல் `k_16.png` வரை பெயர் வைத்துக்கொண்டால், படங்களை வீடியோவாக்கும் ffmpeg என்ற மென்பொருளில் இந்த ஒரு கட்டளை போதும். படத்தின் அகலமும் உயரமும் இரட்டைப்படைப் பிக்சலில் இருக்க வேண்டும்.

```
ffmpeg -framerate 8 -loop 1 -i k_%02d.png -t 10 -r 24 -pix_fmt yuv420p k.mp4
```

பத்து விநாடி ஓடும். கண்ணைக் கோட்டில் வைக்காமல் பையனின் கண்ணில் வைத்துப் பாருங்கள். ஓரக்கண்ணில் ஏதாவது ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே ஒரு படம் மட்டும் தனித்து நிற்கிறது என்று அர்த்தம். எனக்குச் சட்டைக் காலர் இழுத்தது. C-யில் காலர் நுனி கோட்டின் பருமனைப் போல இரண்டு மடங்கு விலகியிருந்தது. C-யில் அந்த நுனியை மட்டும் அழித்து மறுபடி வரைந்தேன். நான்கையும் மறுபடி வரைய வேண்டியதில்லை.

49 முதல் 64 வரை அசைவு. அங்கே தனியாகக் கொதிப்பு எதுவும் சேர்க்கவில்லை. விரல் இழுப்புக்கு இரண்டு இரண்டு ஃப்ரேமாக 6 படம், அடிக்கு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒன்றாக 4 படம். ஆனால் இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. கையும் முன்னங்கையும்தான் அசைகின்றன. உடம்பு? உடம்பையும் பத்துப் படத்திலும் புதிதாக வரைந்தால், அதுவரை எட்டாக இருந்த துடிப்பு 49-இல் பன்னிரண்டாகவும், 61-இல் இருபத்து நான்காகவும் எகிறும். காரணமில்லாமல் பையன் மொத்தமும் நடுங்குவான். உடம்பைத் தனியாகப் பிரித்து, அதே A B C D-யை மூன்று மூன்று ஃப்ரேமாகத் தொடர விட்டேன். கை மட்டும் தன் வேகத்தில் போனது. தோளில் கை சேரும் இடத்தைச் சட்டை மடிப்புக்குள் மறைத்துவிட்டால் இணைப்பு தெரியாது.

65 முதல் 84 வரை 20 ஃப்ரேம். மூன்றால் வகுபடாது. ஆறு இடம் மூன்று மூன்றாகவும் கடைசி இடம் இரண்டாகவும் வைத்தேன். யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் காயின் மேல்தான் இருக்கும். நிமிரும் 24 ஃப்ரேமுக்கு 12 புதுப் படம். கடைசி 36 ஃப்ரேமுக்கு நிமிர்ந்த முகத்தை வைத்து மறுபடி நான்கு படம், ஆனால் இந்த முறை நான்கு நான்கு ஃப்ரேமாக 9 இடம். விழுந்துவிட்டது, இனி பதற்றம் இல்லை. துடிப்பு 8-இலிருந்து 6-க்கு இறங்கியதை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பையன் அமைதியாகிவிட்டான் என்று மட்டும் தோன்றும்.

எப்போது முழுக்க எடுத்துவிட வேண்டும்

எழுத்து. கிளப்பின் பெயர்ப் பலகை காட்சியில் இருந்தால் அது நிற்கட்டும். துள்ளும் எழுத்தைப் போன் திரையில் படிக்கவே முடியாது.

தூரத்து உருவம். காசிமேட்டில் கரையில் நிற்பவர்களைத் தூரத்திலிருந்து வரைந்தால் ஒரு ஆள் விரல்கடை உயரம்தான் இருப்பார். கோட்டு விலகல் அதே மயிரிழைதான், ஆனால் முகமே நான்கு மயிரிழை அகலம். அதைக் கொதிக்க விட்டால் ஆளே உருமாறுவார். அவர்களை நிறுத்திவிடுங்கள். அதே காட்சியில் கடலைக் கொதிக்க விடுங்கள். ஆட்கள் அசையாமல் இருந்தும் காட்சி உறைந்ததாகத் தெரியாது.

கேமரா நகரும் காட்சி. பின்னணி பக்கவாட்டில் ஓடும்போது அதில் கொதிப்பும் இருந்தால் கண் எதைப் பிடிப்பது என்று திணறும். பின்னணிக்கு ஒரே படம்.

டிஜிட்டலில் வரைபவர்கள் கிரிட்டாவில் `Stabilizer` போட்டால் கொதிப்பு போய்விடும் என்று நம்புகிறார்கள். போகாது. அது ஒரு கோட்டுக்குள் இருக்கும் நடுக்கத்தைத் தேய்த்துவிடும், அவ்வளவுதான். இரண்டு படத்துக்கு நடுவே உள்ள விலகலை அது தொடுவதில்லை. வழுவழுப்பான கோடும் கொதிக்கும். டிஜிட்டலில் கொதிப்பை எடுக்க ஒரே உறுதியான வழி, மறுபடி வரையாமல் கீ படத்தின் அந்தப் பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதுதான்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஒரே படத்தை வைத்து மென்பொருள் எஃபெக்டால் கொதிப்பை உண்டாக்க முடியும். அவசரத்துக்கு உதவும். ஆனால் அது படத்தைத் தண்ணீருக்கடியில் வைத்தது போல மொத்தமாக நெளிக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் சேர்ந்தே நகரும். கையால் எடுத்ததில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தப்பும். தாடைக் கோடு இடப்பக்கம் போனால் காது வலப்பக்கம் போகும். அதோடு எஃபெக்டுக்குக் கண்மணி எது, தொடும் விரல் எது என்று தெரியாது. அதைப் போட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணையும் தொடும் இடத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, போனில் பாருங்கள். இணையத்தில் ஏற்றும்போது வீடியோ சுருக்கப்படும். மெல்லிய பென்சில் கோடு ஒவ்வொரு படத்திலும் மாறிக்கொண்டே இருந்தால் சுருக்கத்தில் கோட்டைச் சுற்றி அழுக்கு படியும். கணினியில் அழகாகத் துடித்த கோடு போனில் புகைபோலத் தெரிந்தால், கோட்டைக் கொஞ்சம் பட்டையாக்குங்கள், அல்லது துடிப்பை மூன்றிலிருந்து நான்கு ஃப்ரேமுக்கு மாற்றுங்கள்.

திருத்தியதைப் பெரியவரிடம் மறுபடி கொண்டுபோனேன். போர்டைப் பற்றிப் பேச்சே இல்லை. போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தவர், "கட்ட வெரலு இப்டி நிக்காது தம்பி. நடுவெரல கட்ட வெரலு புடிச்சிருக்கணும், அப்பதான் வுட்டா பாயும்" என்று போர்டு மேலேயே வைத்துக் காட்டினார். அவர் விரலை நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். A-யில் கட்டைவிரலைத் திருத்தினேன். A மாறினால் B, C, D மூன்றிலும் அந்தக் கையை மாற்றியாக வேண்டும், விரல் இழுக்கும் ஆறு படத்தையும் சேர்த்து. இப்போதெல்லாம் A மட்டும் முடிந்ததும் அதை அவரிடம் காட்டிவிட்டு வந்துதான் லைட் பாக்ஸைப் போடுகிறேன்.